ஏற்ற இறக்கம் அதிகம், ஆனால் விலையும் அதிகமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நிதி மேலாண்மை மாணவி, கோவை
வகுப்பில் இரண்டு கற்பனை நிறுவனங்களுக்கு விலை போடச் சொன்னார்கள். ஒன்று புதிய மருந்து ஆராய்ச்சியை நம்பியிருப்பது. ஆண்டு ஏற்ற இறக்கம் 50 சதவீதம். மற்றது சிமென்ட், 30 சதவீதம். ஓராண்டில் இரண்டிலும் எதிர்பார்க்கும் தொகை 110 ரூபாய். கணக்குப் போட்டால் மருந்து நிறுவனத்துக்கே அதிக விலை வருகிறது. மனம் ஒப்பவில்லை.

பங்கு ஆய்வாளர், சென்னை
நான் வேலையில் சேர்ந்த புதிதில் இதே கேள்வியோடு என் மேலாளரிடம் போனேன். மருந்துச் சோதனை தோற்பதற்கும் பொருளாதாரம் படுப்பதற்கும் தொடர்பு குறைவு. பல மருந்து நிறுவனங்களைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு ஒன்றின் தோல்வியை மற்றொன்றின் வெற்றி ஈடுகட்டிவிடும். அவர் அந்த இடருக்காகத் தள்ளுபடி கேட்க மாட்டார். விலையை ஏற்றுபவர் அவரே. சந்தையின் ஏற்ற இறக்கம் 20, மருந்து நிறுவனத்துக்குச் சந்தையோடு உள்ள ஒட்டுறவு 0.2 என்றால் பீட்டா, அதாவது சந்தை அசையும்போது பங்கு சராசரியாக எவ்வளவு அசைகிறது என்ற அளவு, 0.2 × 50 ÷ 20 = 0.5. சிமென்டின் ஒட்டுறவு 0.9, பீட்டா 1.35. அரசுப் பத்திரம் 7 சதவீதம் தருகிறது, சந்தை அதற்கு மேல் 6 தரும் என்று கொண்டால், மருந்துக்கு 7 + 0.5 × 6 = 10 சதவீத வருமானம் போதும், விலை 110 ÷ 1.10 = 100 ரூபாய். சிமென்டுக்கு 15.1 வேண்டும், விலை சுமார் 95.60. சோதனை தோற்கும் வாய்ப்பை 110-ஐக் கணக்கிடும்போதே கழித்துவிட வேண்டும். அதற்காக இந்த வருமான விகிதத்திலும் கூட்டினால் ஒரே இடரை இருமுறை தண்டிக்கிறோம்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை
அப்படியானால் பீட்டா குறைந்த பங்கு பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நான் வைத்திருந்த சிறு நிறுவனப் பங்கின் பீட்டா 0.2, 2020 மார்ச்சில் சந்தையைவிட மோசமாக விழுந்ததே!

பங்கு ஆய்வாளர், சென்னை
ஐயா, பாதுகாப்பு வேறு, பீட்டா வேறு. அந்தப் பங்கு பல நாள் கைமாறாமல் கிடந்திருக்கும். சந்தை இன்று அசைந்தால் அதன் விலை சில நாள் கழித்தே அசையும்; தினசரி விலையில் பார்த்தால் பீட்டா சிறிதாகத் தெரியும். மாத விலையில் மீண்டும் கணக்கிடுங்கள். எண் பெரிதாக மாறினால் முதல் எண்ணை நம்பாதீர்கள்.

மருந்து நிறுவன ஊழியர், ஹைதராபாத்
என் சம்பளமும் சேமிப்பும் ஒரே நிறுவனத்தில். எனக்கு அந்த 50 சதவீதமும் கரையவில்லையே! அதற்குச் சந்தை கூடுதலாக எதுவும் தராதா?

பங்கு ஆய்வாளர், சென்னை
தராது. பரவலாக்கிவைத்திருப்பவரின் விலைதான் உங்களுக்கும். முடிந்தவரை விற்றுப் பிரித்துவையுங்கள்.

நிதி மேலாண்மை மாணவி, கோவை
2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளியானபோது அந்தப் பங்கு முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. அது தனி நிறுவன இடர் என்றால், சென்செக்ஸ் ஏன் 7 சதவீதத்துக்கு மேல் விழுந்தது?

பங்கு ஆய்வாளர், சென்னை
சம எடையில் 30 பங்குகள் வைத்திருந்தால் சத்யம் மட்டும் தந்திருக்கும் இழப்பு ஏறக்குறைய 2.6 சதவீதம். மற்ற நிறுவனங்களின் கணக்கையும் நம்பலாமா என்ற அச்சமும் அன்று சேர்ந்துகொண்டது. அதை நான் சந்தை இடரில்தான் வைப்பேன்.

நிதி மேலாண்மை மாணவி, கோவை
ஆனால் அந்த அச்சம் அதற்கு முந்தைய எந்த பீட்டாவிலும் இருந்திருக்காதே.