பொருள்: நாற்றங்கால் பட அட்டைக்கு இரண்டு சொல் வேண்டும் (வெள்ளி மாலைக்குள்)

பட அட்டை தயாரிப்பவர், ஒத்தக்கடை:

அனைவருக்கும் வணக்கம். நெல் நாற்றங்காலில் எடுத்த படங்களைக் கொண்டு உழவர்களுக்கு ஓர் அட்டை அச்சாகிறது. ஒரு படத்துக்குத்தான் சொல் அமையவில்லை. சோழவந்தான் பக்கம், போர்வெல் தண்ணீர் பாயும் 8 சென்ட் நாற்றங்கால், 18 நாள் நாற்று. கீழ் இலைகளில் துரு ஏறியதுபோல் பழுப்புத் திட்டுகள் இருக்கின்றன. புது இலையின் அடிப்பாகத்தில் நடுநரம்பு மட்டும் வெளுத்திருக்கிறது. துத்தநாகப் பற்றாக்குறைதான், ஐயமில்லை. திட்டுக்குத் ‘துருப்புள்ளி’ என்றும், வெளுப்புக்கு ‘நடுநரம்புச் சோகை’ என்றும் எழுதியிருக்கிறேன். சரிதானா?

வேளாண் விரிவாக்கப் பணியாளர், மேலூர்:

இரண்டுமே வேண்டாம் அம்மா. நிலக்கடலையில் ‘துரு நோய்’ என்று ஒன்று இருக்கிறது, அது பூஞ்சாணம். ‘துரு’ என்று படித்தவர் இலையைக் கிள்ளிக்கொண்டு நேரே மருந்துக் கடைக்குப் போவார். கடைக்காரர் பூஞ்சாண மருந்தைக் கொடுப்பார். அதை அடித்துவிட்டு ஒரு வாரம் பார்த்தாலும் நாற்று தேறாது. பறிக்கிற நாள்தான் தள்ளிப்போகும். ‘கைரா நோய்’ என்ற பெயரையும் இதே காரணத்துக்காகத்தான் நான் சொல்வதில்லை. 1966 வாக்கில் பந்த்நகர்ப் பக்கம் இதைக் கண்டறிந்து துத்தநாகக் குறைவு என்று நிறுவிய பிறகும் ‘நோய்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டே வருகிறது.

‘சோகை’யிலும் சிக்கல் உண்டு. அலங்காநல்லூர் பக்கம் சோகை என்றால் காய்ந்த கரும்புத் தோகை. ‘சோகை உரிக்க ஆள் வேணும்’ என்கிறவரிடம் நெல்லில் சோகை என்று சொல்லிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வாடிப்பட்டி:

‘நடுநரம்பு’ மட்டும் எப்படித் தப்பியது? நரம்பு உடலுக்கு உரியது. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரமுடையவற்றைப் ‘புல்’ என்று வகுத்து, அவற்றின் உறுப்புகளாகத் தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ், பாளை, ஈர்க்கு, குலை என்று அடுக்குகிறது. இலை, முறி, தளிர் எல்லாம் மரத்தின் பக்கம் நிற்கின்றன. நெல் புல்லினம். எனவே ‘இலை’யே இங்கே பிழை, ‘தோடு’ என்க. அதன் நடுவே ஓடுவது ஈர்க்கு. ஈர்தல் என்றால் இரண்டாகப் பிளத்தல். ஓலையை இரண்டாக ஈரும் இடத்தில் நிற்பதால் அது ஈர்க்கு ஆயிற்று எனலாம். ஆகவே ‘ஈர்க்கு வெளிறல்’. நம்மிடம் இருக்கும் சொல்லை ஏன் புதைக்க வேண்டும்?

வேதியியல் பொறியாளர், மதுரை:

சொல் கிடக்கட்டும், காரணம் சரியா என்று முதலில் பார்க்க வேண்டும். புது இலை வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை. நாற்றங்காலில் அதுதான் அதிகம் வரும். அன்னபேதி உப்பைக் கரைத்து அடித்தால் நாலு நாளில் பச்சை திரும்பும், நானே கண்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை:

எங்கள் பாடநூல்களில் துத்தநாகத்தை ‘நாகம்’ என்றே எழுதுகிறோம். ‘நாகக் குறைபாடு’ என்றால் அட்டையில் இடமும் மிச்சம்.

உழவர், திருமங்கலம்:

நாகம் என்று போட்டால் எங்கள் ஊரில் வயலுக்குள் பாம்பு என்றுதான் நினைப்பார்கள் அம்மா, தப்பாக எடுக்க வேண்டாம். நாங்கள் ‘ஜிங்க்’ என்றுதான் சொல்வோம். கடையில் கேட்பதும் அதுதான்.

எனக்கு வேறு ஒரு கேள்வி இருக்கிறது. என்னுடையது கரிசல், நட்டு 20 நாள் ஆகிறது. பயிர் செவந்து, வளர்த்தி இல்லாமல் நிற்கிறது. நடவுக்கு முன்னால் ஜிங்க் சல்பேட்டையும் டிஏபியையும் ஒன்றாகக் கலந்து வீசினேன். போட்ட பிறகும் ஏன் இப்படி?

விரிவாக்கப் பணியாளர், மேலூர்:

பொறியாளர் ஐயா சொன்ன இரும்புக் குறையும் நாற்றங்காலில் வருவதுதான், குறிப்பாகத் தண்ணீர் கட்டாத மேட்டு நாற்றங்காலில். ஆனால் அதில் புது இலை முழுவதும் மஞ்சளாகி, முற்றினால் வெள்ளைத் தாள் மாதிரி ஆகிவிடும். கீழ் இலையில் பழுப்புத் திட்டு வராது. இந்தப் படத்தில் வெளுப்பு நடுநரம்பின் அடியோடு நிற்கிறது, இலையின் ஓரம் பச்சையாக இருக்கிறது, கூடவே கீழ் இலையில் திட்டு. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் துத்தநாகம். அன்னபேதி இதற்கு உதவாது.

அந்த நாற்றங்காலை நானும் போய்ப் பார்த்தேன். உப்புத் தண்ணீர், காய்ந்தால் வரப்பில் வெள்ளை பூக்கிறது. தண்ணீரை வடிக்காமலே வைத்திருந்தார்கள். களர்த்தன்மை உள்ள மண்ணில் தண்ணீர் ஓயாமல் நின்றால், மண்ணில் துத்தநாகம் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. முதலில் தண்ணீரை வடிக்கச் சொன்னேன். பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு ஜிங்க் சல்பேட் 50 கிராம், யூரியா 100 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலை நனைய அடித்தார்கள். ஒரு வாரத்தில் வந்த புது இலை அடி முதல் நுனி வரை பச்சை. பழைய திட்டு அப்படியே இருந்தது, அது மறையவும் மறையாது. திட்டைப் பார்த்துக்கொண்டே ‘மருந்து கேட்கவில்லை’ என்று மறுபடி மறுபடி அடிப்பவர்கள் உண்டு. குணமானதைப் புது இலையில்தான் பார்க்க வேண்டும். இதை அட்டையில் அவசியம் சேர்க்க வேண்டும்.

திருமங்கலத்தாருக்கு: டிஏபியில் உள்ள மணிச்சத்து துத்தநாகத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். நீங்கள் போட்டதில் பெரும்பகுதி பயிருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. அடுத்த முறை ஏக்கருக்கு ஜிங்க் சல்பேட் 10 கிலோவை 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து, நடவுக்கு முன் மேலாகத் தூவுங்கள். ஆழமாக உழுது புதைக்க வேண்டாம். டிஏபியைத் தனியாகப் போடுங்கள். இப்போதைக்கு மேலே சொன்ன கரைசலையே தெளிக்கலாம். ஆனால் பயிர் செவப்பதற்கு துங்ரோ என்ற வைரஸ் நோய் உட்பட வேறு காரணமும் உண்டு. இலையைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

தமிழாசிரியர், வாடிப்பட்டி:

‘மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது’ என்றீர்களே, அப்படியானால் ‘குறைபாடு’ என்பதைவிடப் ‘பற்றாக்குறை’யே பொருந்தும். பற்றாமை என்றால் போதாமை. பற்றுதல் என்றால் பிடித்தல். உள்ளதை வேர் பற்ற முடியாத குறை! இதைவிடத் துல்லியமான சொல் எந்த மொழியில் இருக்கிறது? துத்தநாகத்துக்கு நான் தடை சொல்லவில்லை, அது நெடுநாளாகப் புழங்கும் சொல். ஈர்க்கை மட்டும் விட மாட்டேன்.

உழவர், திருமங்கலம்:

ஐயா, ஈர்க்கு என்றால் விளக்குமாற்று ஈர்க்குதான் எங்களுக்கு. தென்னையில் சொல்வோம். நெல்லுக்குச் சொல்லிக் கேட்டதில்லை.

தமிழாசிரியர், வாடிப்பட்டி:

தென்னையும் புறத்தே வயிரமுடையது, நெல்லும் அவ்வாறே. தென்னைக்குப் பொருந்தும் சொல் நெல்லுக்கு ஏன் பொருந்தாது? அட்டையில் அச்சானால் பத்து ஆண்டில் பழகிவிடும்.

விரிவாக்கப் பணியாளர், மேலூர்:

நாற்றுக்குப் பத்து ஆண்டு இல்லை ஐயா. 25 நாளுக்குள் பறித்து நட்டாக வேண்டும். படத்தைப் பார்த்தவுடன் எந்த இடம் என்று விரல் போக வேண்டும், அதற்கு நடுநரம்புதான்.

பட அட்டை தயாரிப்பவர், ஒத்தக்கடை:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்துக்கு அனுப்பியது இது. தலைப்பு: ‘துத்தநாக (ஜிங்க்) பற்றாக்குறை’. கீழ் இலைக்கு: ‘செம்பழுப்புத் திட்டு’. புது இலைக்கு: ‘அடியில் நடுநரம்பு வெளிறல்’. கீழே சிறிய எழுத்தில், ‘இது பூஞ்சாண நோய் அல்ல, குணம் புது இலையில் தெரியும்’. பெரும்பாலோர் நடுநரம்பு என்றே சொன்னதால் அதையே வைத்தேன்.

தமிழாசிரியர், வாடிப்பட்டி:

என் மறுப்பைப் பதிவு செய்க. ‘வெளிறல்’ நல்ல சொல், அதற்கு என் வாழ்த்து. ‘நடுநரம்பு’க்கு இல்லை. புல்லுறுப்புப் பெயர்கள் குறித்துத் தனி இழை தொடங்குகிறேன். வேளாண்மை அறிந்தவர்கள் அவசியம் வர வேண்டும்.

உழவர், திருமங்கலம்:

சார், படம் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது படத்தில் திட்டு இலை நுனியில் இருக்கிறது. இதுவும் ஜிங்க்தானா?