எமுலேட்டரைத் தமிழில் என்னவென்று சொல்வது?

கீழக்கரை, பிரவுசிங் சென்டர்:
வணக்கம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், அவன் வாப்பா வைத்திருந்த டாஸ் கார் ரேஸ் சிடியைக் கொண்டுவந்தான். புது சிஸ்டத்தில் போட்டதும் "This app can't run on your PC" என்று வந்தது. தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து ஓடிவிட்டான். அவனுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதினேன்:

"தம்பி, சிடியும் நல்லாத்தான் இருக்கு, கம்ப்யூட்டரும் நல்லாத்தான் இருக்கு. உன் கேம் 16 பிட், கடையில் இருப்பது 64 பிட் விண்டோஸ். 32 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம் உட்கார NTVDM என்று ஒரு திண்ணை இருந்தது. 64 பிட்டில் அந்தத் திண்ணை கிடையாது. அதனால் DOSBox போட்டு வைத்திருக்கிறேன். அது ஒரு ______. திறந்ததும் இதை அடி:

```
mount c c:\games
c:
car.exe
```

கார் கண்மண் தெரியாமல் பறந்தால் Ctrl+F11 அழுத்து. அந்தக் காலத்து கேம் சிலது கடிகாரமே பார்க்காது, பிராசஸர் வேகம்தான் கார் வேகம்."

கோடிட்ட இடத்தில் என்ன போடலாம்? 'பாவனைப்பொறி' என்று எழுதி அடித்துவிட்டேன்.

தொண்டி:
புது பிராசஸருக்கு 16 பிட்டே தெரியாது. DOSBox அதை மொழிபெயர்க்கிறது. 'மொழிபெயர்ப்பி' போதும்.

மண்டபம்:
தெரியாது என்பது பாதிதான் சரி. நம் கடைகளில் இருக்கும் பல சிஸ்டங்களை இன்றும் நேராக டாஸிலேயே பூட் செய்யலாம், 16 பிட் ஓடும். 64 பிட் முறைக்குள் போன பிறகுதான் வர்ச்சுவல் 8086 என்ற வசதி கிடைக்காது. NTVDM அதை நம்பித்தான் இருந்தது. DOSBox அதை நம்பவில்லை, பழைய பிராசஸர் செய்ததை எல்லாம் மென்பொருளாகத் தானே செய்கிறது. 'மொழிபெயர்ப்பி' கம்பைலரோடு குழம்பும். 'பாவனை' கடலுக்கு அந்தப் பக்கம் 'பயன்பாடு' ஆகிவிடும். 'போலியங்கி' எப்படி?

தேவிபட்டினம்:
அண்ணே, எங்கள் கருவாட்டுக் கடைக் கணக்கு பாக்ஸ்ப்ரோவில் இருக்கிறது. DOSBox-ல் திறக்கிறது, பிரிண்ட் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. அதற்கும் இதே சொல்தானா?

மண்டபம்:
சொல் அதேதான். DOSBox கேமுக்கென்று செய்தது, பிரிண்டர் அதில் இல்லை. DOSBox-X போட்டுப் பாருங்கள்.

கீழக்கரை:
'போலி' என்றால் பையன் டூப்ளிகேட் சிடி என்று நினைப்பானே?

ராமநாதபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியை:
இலக்கணத்தில் போலி அப்படியல்ல, தம்பி. அறம், அறன். பந்தல், பந்தர். எழுத்து மாறுகிறது, பொருள் மாறவில்லை. இயந்திரம் மாறியும் விளையாட்டு மாறாமல் இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

தொண்டி:
கடைத்தெருவில் யார் அம்மா இலக்கணம் பார்க்கிறார்கள்?

கீழக்கரை:
இப்போதைக்கு 'போலியங்கி' என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன். பையன் 'டாஸ்பாக்ஸ்' என்றுதான் சொல்கிறான். மூன்று முறை Ctrl+F11 அழுத்தியதும் கார் வளைவில் நிற்கிறதாம்.