தும்மினால் ‘நூறு’ என்போமே, அதற்குப் பதில் என்ன?

நெல்லைப் பையன்: அலுவலகத்தில் நான் தும்மினால் பக்கத்து சீட்டுக்காரர் உடனே ‘பிளெஸ் யூ’ என்கிறார். நானும் ‘தேங்க்யூ’ சொல்லிவிடுகிறேன். ஊரில் இப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தமிழில் இதற்கு வார்த்தையே கிடையாதா?

பரணி: கிடையாது. இது ஐரோப்பியப் பழக்கம். 590இல் ரோமில் கொள்ளைநோய் பரவியபோது, தும்மியவர்களை ஆசீர்வதிக்கச் சொல்லி போப் கிரிகோரி ஆரம்பித்து வைத்தது. நமக்குத் தும்மல் என்றால் அபசகுனம். வெளியே கிளம்பும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால், உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவோம்.

தமிழாசிரியை: பரணி, கொள்ளைநோய் வந்தது உண்மை, பழக்கம் அப்போது ஆரம்பித்தது என்பதுதான் சரியில்லை. போப்புக்கு ஐந்நூறு வருஷம் முன்பே ரோமானியரான பிளினி ‘தும்மினால் ஏன் வாழ்த்துகிறோம்’ என்று எழுதி வைத்திருக்கிறார். தமிழில் இல்லை என்பதும் தப்பு. குறள் 1312ஐப் பாருங்கள்:

ஊடி இருந்தேமாத் தும்மினார் யாம்தம்மை
நீடுவாழ் கென்பாக் கறிந்து.

அவள் கோபத்தில் பேசாமல் இருக்கிறாள். இவன் வேண்டுமென்றே தும்முகிறான். தும்மினால் ‘நீடு வாழ்க’ என்று அவள் வாய் தன்னால் சொல்லிவிடும், மௌனம் கலைந்துவிடும் என்று கணக்குப் போடுகிறான். அனிச்சையாக வரும் வார்த்தை என்பதால்தான் இந்தத் தந்திரமே பலிக்கும்.

பரணி: சரி, போப்பை விட்டுவிடுகிறேன். ஆனால் அது காதலர் விளையாட்டு. ஊரே சொன்னது என்று எப்படி எடுத்துக்கொள்வது?

தமிழாசிரியை: 1317ஐயும் சேர்த்துப் படியுங்கள். தும்மியதும் வாழ்த்துகிறாள், உடனே ‘யார் நினைத்ததால் தும்மினீர்’ என்று அழுகிறாள். வாழ்த்துவதும், யாரோ நினைத்தால் தும்மல் வரும் என்ற நம்பிக்கையும் கேட்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் அந்தக் குறளில் சிரிப்பு வரும்.

குப்பம்மா பேத்தி: எங்கள் ஆச்சி நான் தும்மினால் ‘நூறு’ என்பாள். அடுத்த தும்மலுக்கு ‘இருநூறு’. மூன்றாவது வந்தால் ‘போய் மூக்கைச் சிந்துடி’. அம்மா ‘தீர்க்காயுசு’ என்பாள். ஆனால் அப்பா தும்மினால் யாரும் எதுவும் சொன்னதில்லை. இப்போதுதான் யோசிக்கிறேன், ஏன்?

தறி மேடை: எனக்குக் காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல் வருகிறது. பஞ்சுத் தூசியா, அலர்ஜியா? என்ன மாத்திரை போடலாம்?

குப்பம்மா பேத்தி: அண்ணே, இது வேற பஞ்சாயத்து. டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் ஆயிரம்!

கீழக்கரையான்: தும்மலுக்குத் தமிழர் எதுவும் சொல்வது கிடையாது என்று பரணி சொன்னது எல்லாத் தமிழருக்கும் பொருந்தாது. எங்கள் வீட்டில் தும்மியவர்தான் முதலில் பேச வேண்டும். அவர் ‘அல்ஹம்துலில்லாஹ்’, புகழெல்லாம் இறைவனுக்கே என்பார், கேட்டவர் ‘யர்ஹமுகல்லாஹ்’, இறைவன் உனக்கு அருள்புரியட்டும் என்பார், தும்மியவர் ‘யஹ்தீகுமுல்லாஹ்’, இறைவன் உங்களுக்கு நேர்வழி காட்டட்டும் என்று திருப்பி வாழ்த்துவார். தும்மியவர் முதல் வார்த்தையைச் சொல்லவில்லை என்றால் மற்றவர் சொல்லத் தேவையில்லை. என் தம்பி அதை மறந்துவிட்டு, யாருமே வாழ்த்தவில்லை என்று முறைப்பான்.

ஸ்டுட்கார்ட் மருமகள்: இங்கே ஜெர்மனியில் ‘கெசுண்ட்ஹைட்’, அதாவது ஆரோக்கியம். இப்போது மரியாதைப் பாடம் எடுப்பவர்கள் அதையும் சொல்லாதே, தும்மியவரே மன்னிப்புக் கேட்கட்டும் என்கிறார்கள். பாதிப் பேர் அந்தப் பாடத்தைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது துருக்கிக்காரர்கள் முறைதான். ‘சோக் யாஷா’, நிறைய நாள் வாழு என்பார்கள். தும்மியவர் ‘சென் தே கோர்’, அதை நீயும் இருந்து பார் என்பார். முதல் தடவை எனக்கு அது தெரியாமல் வெறும் நன்றி சொன்னேன். கூட வேலை பார்க்கும் துருக்கி அக்கா முகம் சுருங்கிப் போய், ‘அப்போ நான் பார்க்க வேண்டாமா?’ என்று கேட்டார்.

தமிழாசிரியை: பேத்தி கேட்டதற்கு என் ஊகம்: நம் ‘நூறு’ பெரியவர் சின்னவருக்குத் தரும் ஆசி. ஆசிக்குப் பதில் வாழ்த்து சொல்லும் வழக்கம் நமக்கு இல்லை, தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வதுதான். அப்பாவுக்கு மேலே வீட்டில் யாரும் இல்லாததால் அவர் தும்மல் அனாதையாகிவிட்டது.

பரணி: இங்கேதான் இடிக்கிறது டீச்சர். குறளில் அவள் அவனுக்குச் சொல்கிறாள். அங்கே யார் பெரியவர்?

தமிழாசிரியை: நல்ல கேள்வி. இடையில் எப்போதோ சுருங்கியிருக்கலாம், என்னிடம் சான்று இல்லை. ஆனால் பதில் சொல்லலாமா என்ற சண்டை பழசு. பௌத்த விநய நூலில் ஒரு கதை வருகிறது. புத்தர் தும்ம, பிக்குகள் ‘வாழ்க’ என்று கூச்சல் போட்டார்கள். ‘நீங்கள் சொல்வதால் ஒருவன் பிழைப்பானா, சாவானா?’ என்று கேட்டு அதைத் தடுத்தார். அப்புறம் பிக்குகள் தும்மியபோது ஊர்க்காரர்கள் வாழ்த்தினார்கள், இவர்கள் உம்மென்று நின்றார்கள், ஊர் முணுமுணுத்தது. இல்லறத்தார் மங்கலச் சொல்லை விரும்புவார்கள், ‘நீடு வாழ்க’ என்று திருப்பிச் சொல்லுங்கள் என்று புத்தரே அனுமதித்துவிட்டார்.

பரணி: புத்தரே இறங்கி வந்திருக்கிறார். ஆனாலும் என் மேனேஜர் தும்மினால் ‘நூறு’ என்று நான் சொல்ல மாட்டேன்.

நெல்லைப் பையன்: நேற்று ஊருக்கு போன் போட்டேன். பேச்சுக்கு நடுவே தும்மிவிட்டேன். அம்மா ‘நூறு’ என்றாள். இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் போல. நான் ‘தேங்க்யூ’ என்றேன். ‘எதுக்குடா?’ என்றாள்.