பிஸ்பாஸ்பேட் குறைந்தால் எஃப்.பி.பேஸ்-1 எப்படி வேகம் எடுக்கும்? நோட்டில் தப்பா, எனக்குத்தான் புரியவில்லையா?

தாம்பரம் லோக்கல்:
நாளை மறுநாள் பயோகெமிஸ்ட்ரி இன்டர்னல். குளுக்கோஸை உடைக்கும் கிளைகாலிசிஸும் அதைக் கட்டும் குளுக்கோநியோஜெனிசிஸும் பெரும்பாலும் ஒரே நொதிகளில் ஓடுகின்றன, மூன்று இடத்தில்தான் பாதை பிரிகிறது என்பது வரை சரி. நடு இடத்தில் மாட்டிக்கொண்டேன். பி.எஃப்.கே-1 என்ற நொதி ஒரு ஏ.டி.பி.யைச் செலவழித்து ஃப்ரக்டோஸ்-6-பாஸ்பேட்டில் இன்னொரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது, எஃப்.பி.பேஸ்-1 என்ற நொதி அதைக் கழற்றிவிடுகிறது, போன ஏ.டி.பி. போனதுதான். இரண்டும் ஒரே கல்லீரல் செல்லில் இருந்துகொண்டு ஏன் சும்மா சுற்றுவதில்லை? என் நோட்டில் "குளுகான் வந்தால் பிஸ்பாஸ்பேட் குறையும், எஃப்.பி.பேஸ் வேகமெடுக்கும்" என்று இருக்கிறது. அதற்கு மூலப்பொருளே பிஸ்பாஸ்பேட்தானே?

மாடிவீட்டு மணி:
சிம்பிள் தம்பி. ஒன்று மைட்டோகாண்ட்ரியாவில், இன்னொன்று வெளியே. அறை வேறு, சண்டை இல்லை.

லேப் அக்கா:
மணி சார், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருப்பது பைருவேட் கார்பாக்ஸிலேஸ் போன்றவை. தம்பி கேட்கிற இரண்டும் ஒரே சைட்டோசாலில்தான்.

தம்பி, நீ இரண்டு பிஸ்பாஸ்பேட்டை ஒன்றாக்கிவிட்டாய். மூலப்பொருள் ஃப்ரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்பேட். உன் நோட்டில் இருப்பது ஃப்ரக்டோஸ்-2,6-பிஸ்பாஸ்பேட். அது பாதையில் வருகிற சரக்கு இல்லை, வெறும் சிக்னல். 2,6 இருந்தால் பி.எஃப்.கே-1 ஓடும், எஃப்.பி.பேஸ்-1 அடங்கும். இல்லாவிட்டால் தலைகீழ்.

ராத்திரி ஒன்பதுக்கு இட்லி சாப்பிட்டாய் என்று வை. இன்சுலின் ஏறும், கல்லீரலில் 2,6 சேரும், குளுக்கோஸ் உடையும். காலை ஆறு மணிக்கு வயிறு காலி, குளுகான் ஹார்மோனின் கை ஓங்கியிருக்கும். அது சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிக்னல், பி.கே.ஏ. என்ற நொதி வழியாக ஒரே ஒரு புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டும். அந்தப் புரதத்துக்கு இரண்டு முனை: ஒன்று 2,6-ஐச் செய்யும், மற்றது அழிக்கும். பாஸ்பேட் ஒட்டியதும் செய்கிற முனை தூங்கும், அழிக்கிற முனை விழிக்கும். 2,6 சரிந்ததும் பி.எஃப்.கே-1-க்கு முடுக்கு இல்லாமல் போகிறது, எஃப்.பி.பேஸ்-1-க்குப் பிரேக் விடுபடுகிறது. ஒரே கைப்பிடி, அதனால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓட முடியாது.

சுற்று அடியோடு நிற்கும் என்று மட்டும் எழுதிவிடாதே, கொஞ்சம் ஓடத்தான் செய்யும். முழுப்பாதையும் சுற்றினால் உடைப்பதில் 2 ஏ.டி.பி. வரவு, கட்டுவதில் ஜி.டி.பி.யையும் சேர்த்து 6 செலவு. சுற்றுக்கு 4 நஷ்டம்.

வேளச்சேரி பாலா:
அப்பாவுக்கு சுகர். ராத்திரி ஒன்றுமே சாப்பிடாமல் படுத்தாலும் காலையில் ஏறி நிற்கிறது. இதுதானா?

லேப் அக்கா:
பெரும்பாலும் கல்லீரல் குளுக்கோஸை வெளியே விடுவதுதான் பாலா. இன்சுலின் பேச்சு அங்கே எடுபடவில்லை. மாத்திரையை டாக்டரிடம் பேசுங்கள். மெட்பார்மின் கல்லீரலின் அந்த உற்பத்தியைக் குறைக்கும், ஆனால் எந்த நொதியைப் பிடித்து என்பதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

தாம்பரம் லோக்கல்:
அக்கா, 1,6-க்கும் 2,6-க்கும் வித்தியாசம் பார்க்காமல் இரண்டு நாள் போச்சு! ஆனால் இதயத்தில் அட்ரினலின் வந்தால் 2,6 ஏறும் என்று சீனியர் சொல்கிறார். அங்கேயும் பி.கே.ஏ.தானே?

லேப் அக்கா:
ஆமாம், ஆனால் இதயத்தில் இருக்கிற அந்தப் புரதம் வேறு வகை. பாஸ்பேட் ஒட்டுகிற இடமே வேறு, ஒட்டினால் செய்கிற முனைதான் விழிக்கும். எலும்புத்தசை வகை எப்படி என்று நீயே பார்த்து வந்து சொல்லு, எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு.