புதுப்பிப்பு: சலூன் கண்ணாடிக் காட்சி, பிம்பம் இப்போது நிலையாக நிற்கிறது

என் பழைய கேள்வி: "மயிலாப்பூர் சலூன் ஒன்றை ஏஐ வீடியோவாக எடுக்கிறேன். கேமரா நகர்ந்தால் கண்ணாடிக்குள் இருக்கும் கதவும் நாற்காலியும் மாறிவிடுகின்றன. எப்படி விவரிப்பது?"

உதவியவர்களுக்கு நன்றி. பலித்தது, கண்ணாடிக்கு எதிரே உள்ள சுவரை முதலில் எழுதச் சொன்னவரின் யோசனை. "துல்லியமான பிரதிபலிப்பு" என்று நான் எழுதியதில் பயனில்லை. எதைக் காட்டுவது என்று அதில் இல்லையே.

இப்போது எழுதியது இது: "கேமரா கண்ணாடிக்கு வலப்பக்கம், கண்ணாடி மாட்டிய சுவரிலிருந்து 4 அடி தள்ளி, சாய்வாகப் பார்க்கிறது. எதிர்ச்சுவர் கண்ணாடியிலிருந்து 8 அடி. கண்ணாடியில் பார்க்கும்போது அதன் இடக்கோடியில் நீலக் கதவு, நடுவில் காலண்டர். கேமரா மெதுவாக 2 அடி வலப்பக்கம் நகர, கதவு கண்ணாடிச் சட்டத்தின் இட ஓரத்தில் நுழைந்து வலப்பக்கம் நகர்கிறது."

பிம்பம் சட்டத்துக்குள் இடப்பக்கம் நகரும் என்றார் ஒருவர். பாதி சரி: திரையில் எல்லாமே இடப்பக்கம் போகிறது, ஆனால் பிம்பம் தூரத்தில் இருப்பதால் சட்டத்தைவிட மெதுவாக. அதனால் சட்டத்துக்குள் வலப்பக்கம் நகர்வதாகத் தெரியும். மேலுள்ள அளவுகளில் 2 அடி நகர்வுக்கு எதிர்ச்சுவரில் 4 அடி புதிதாகத் தெரியவேண்டும். இதைவிட வேகமாக நகர்த்தினால் மீண்டும் குழம்புகிறது.

சாய்வுக்கு எதிர்பாராத லாபம் ஒன்று, கேமராவின் பிம்பம் கண்ணாடியில் விழவில்லை.

கடை வாசல் கண்ணாடி பற்றிக் கேட்டவருக்கு: அது வேறு கதை, உள்ளேயும் தெரியும், தெருவின் பிம்பமும் தெரியும்.

காட்சியில் உள்ள ஸ்டீல் கிண்ணம் இன்னும் மினுக்குகிறது. "கீறல் விழுந்து மங்கிய ஸ்டீல்" என்றதும் குறைந்தது, தீரவில்லை.