ஆபரேஷன் முடிஞ்சவருக்கு இருமல் வந்தா அடக்கணுமா, இரும விடணுமா?

திருச்சி_ரவி:
அப்பாவுக்கு 66 வயசு. பித்தப்பைய வயித்தத் திறந்து எடுத்திருக்காங்க, முந்தாநாள்தான். சளி கட்டுன இருமல் வருது, ஆனா தையல் பிரிஞ்சிடும்னு பயந்து அடக்கி அடக்கி வைக்கிறார். இருமல நிறுத்துற சிரப் வாங்கிக் குடுக்கலாமா?

கடை_பாலு:
தாராளமா குடுங்க தம்பி, கோடீன் சிரப்னா டாக்டர் சீட்டு வேணும், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன்னா லேசா கேக்கும். நான் மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன், ஆபரேஷன் முடிஞ்சு வர்ற வயசானவங்க ராத்திரி முழுக்க இருமிட்டு காலைல கண்ணு உள்ள போயி உக்காந்திருப்பாங்க. ஒவ்வொரு இருமலுக்கும் வயித்துக்குள்ள எவ்வளவு அழுத்தம் ஏறுது தெரியுமா, தையல் தாங்கணுமே.

ஃபிசியோ_செல்வி:
ரவி, இப்பதைக்கு அந்த சிரப் வேணாம். நெஞ்சு ஃபிசியோதெரபி என் வேலை, இந்த மாதிரி ஆளுங்களத்தான் தினம் பாக்குறேன். அப்பாவுக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். வெட்டு பெரும்பாலும் வலது விலா எலும்புக்குக் கீழயே இருக்கும், ஆழமா மூச்சு இழுத்தா வலிக்கும், அதனால மேலோட்டமாவே இழுத்துட்டு இருப்பார், நுரையீரலோட அடிப்பகுதிக்குக் காத்தே போகாது. மயக்க மருந்து குடுக்கும்போது தொண்டைல குழாய் விட்டு வறண்ட காத்தைச் செலுத்துறதுல உள்ள இருக்கிற சளி கெட்டியாகிடும், அத மேல தள்ளி விடுற மெல்லிசான மயிரிழைகளும் மந்தமாகிடும். இப்ப அந்தச் சளி வெளிய வர இருமல விட்டா வேற வழியில்ல. அதையும் மருந்தால நிறுத்துனா சளி அங்கயே தங்கி, அந்தப் பகுதி சுருங்கி, நிமோனியால போய் நிக்கும்.

கடை_பாலு:
அதெல்லாம் சரி மேடம், தையல் பிரிஞ்சா யாரு பொறுப்பு? அழுத்தம் ஏறுறது உண்மையா இல்லையா?

ஃபிசியோ_செல்வி:
உண்மைதான் அண்ணே. நல்ல இருமல்ல முதல்ல ரெண்டு லிட்டருக்கு மேல காத்த உள்ள இழுக்குறோம், அடுத்து குரல்வளை கப்புன்னு மூடிக்குது, ஒரு நொடில அஞ்சுல ஒரு பங்கு நேரம்தான், அதுக்குள்ள வயித்துத் தசையும் விலாத் தசையும் இறுக்கி உள்ள அழுத்தம் பாதரச அளவுல 100 மில்லிமீட்டரையும் தாண்டிடும். அப்புறம் டக்னு திறக்கும். மூச்சுக்குழாயோட பின்பக்கம் குருத்தெலும்பு இல்லாம மெத்துன்னு இருக்கும், அது உள்ள மடங்கி வழிய இறுக்கும், அதனால காத்து இன்னும் வேகமாப் பாஞ்சு சளியப் பிச்சுக்கிட்டு வரும். ஆனா பாருங்க, முதல் படியே ஆழமான மூச்சு. அப்பா பயந்துக்கிட்டு பாதி மூச்சுல இருமுறார், வயித்துல வலி மட்டும் மிஞ்சும், சளி அசையாது. அதனால திரும்பத் திரும்ப இருமல் வரும். நாலு அரைகுறை இருமலுக்கு நல்லதா ஒண்ணு இருமுனா தையலுக்கும் அதுதான் லாபம்.

வேளச்சேரி_மாமா:
எனக்கும் இதே கததான் சார். மாசக்கணக்கா வறட்டு இருமல், எந்த சிரப்புக்கும் நிக்கல, கடைசில பாத்தா பிபிக்கு சாப்பிட்ட ராமிப்ரில் மாத்திரைதான் காரணமாம். டாக்டர் டெல்மிசார்ட்டான் மாத்திக் குடுத்தாரு, சில வாரத்துல நின்னுடுச்சு. உங்கப்பாவோட பிபி மாத்திரைய முதல்ல நிறுத்துங்க.

ஃபிசியோ_செல்வி:
மாமா, யாரையும் மாத்திரைய நிறுத்தச் சொல்லாதீங்க ப்ளீஸ், உங்களுக்கே டாக்டர்தானே மாத்திக் குடுத்தார். உங்களுது வறட்டு இருமல், வெளிய எடுக்க உள்ள ஒண்ணுமே இல்ல, நரம்ப அந்த மருந்து சீண்டிக்கிட்டே இருந்திருக்கு. ரவி அப்பாவுக்கு உள்ள சளி இருக்கு. ரெண்டும் வேற.

திருச்சி_ரவி:
அவருக்கு பிபி இல்லங்க, சுகர் மட்டும்தான். அப்ப இருமும்போது வலிய என்ன பண்றது? தொடவே விட மாட்டேங்குறார்.

ஃபிசியோ_செல்வி:
டாக்டர் எழுதிக் குடுத்த வலி மாத்திரைய வலி ஏறுற வரைக்கும் தள்ளிப் போடாம நேரத்துக்குக் குடுங்க, அது வேலை செய்ய ஆரம்பிச்சதும் இருமப் பழக்குங்க. படுத்துக்கிட்டு வேணாம். நிமிந்து உக்கார வச்சு, கால் தரைல படணும், ஒரு தலகாணிய மடிச்சு வெட்டு மேல ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிக்கச் சொல்லுங்க. மெதுவா நாலஞ்சு ஆழமான மூச்சு. அப்புறம் நேரா இருமாம, வாயத் திறந்து கண்ணாடில ஆவி படிய ஊதுற மாதிரி "ஹா"ன்னு ரெண்டு தடவ வேகமா விடணும், குரல்வளைய மூட வேணாம். இதுல அழுத்தம் கம்மி, ஆனா சளி தொண்டை வரைக்கும் ஏறி வரும். அப்ப தலகாணிய இறுக்கிப் பிடிச்சு ஒரே ஒரு இருமல், துப்பிடலாம். முழிச்சிருக்கும்போது மணிக்கு ஒருதடவ செய்யட்டும்.

வார்டு_மேரி:
நான் சர்ஜரி வார்டு நர்ஸ். மூச்சுப் பயிற்சிக்கு மூணு பந்து இருக்கிற கருவி குடுத்திருப்பாங்களே, பாதிப்பேரு அத ஊதிட்டு இருக்காங்க, நான் கத்திக் கத்தி தொண்ட போச்சு. அத உறிஞ்சணும்! மூணு பந்தையும் சடார்னு தூக்குறதவிட ரெண்டு பந்த மெதுவாத் தூக்கி அப்படியே நிறுத்துறதுதான் நல்லது.

கார்த்தி_99:
தும்மலுக்கும் இதே தானா? என் ஆபீஸ்ல மீட்டிங்ல தும்முனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கன்னு மூக்கப் பிடிச்சு வாய மூடி உள்ளயே அமுக்கிடுவேன். யாருக்கும் தெரியாது 😄

ஃபிசியோ_செல்வி:
கார்த்தி, கேள்வி ஆபரேஷன் ஆனவரப் பத்தி. ஆனா நீங்க பண்றதும் தப்புதான். இங்கிலாந்துல லெஸ்டர் ஊர்ல 34 வயசு ஆள் ஒருத்தர் இப்படி மூக்கையும் வாயையும் அடச்சுத் தும்மி தொண்டையே உள்ள கிழிஞ்சு போச்சு, 2018ல மருத்துவ இதழ்ல வந்துச்சு. அபூர்வம்தான், ஆனா முழங்கைய மடிச்சு தும்முறதுல என்ன கஷ்டம்? தும்மல் மூக்குக்குள்ள இருக்கிற வேற நரம்புல ஆரம்பிக்குது, ஆனா வயித்துத் தசை இறுக்குறது அதேதான், அதனால ரவி, தும்மல் வர்ற மாதிரி இருந்தாலும் அப்பா தலகாணிய அணைச்சுக்கட்டும். அந்த ரூம்ல ஊதுபத்தி, சாம்பிராணி வேணாம்.

கடை_பாலு:
நல்லாச் சொன்னீங்க, ஆனா ராத்திரி தூக்கம்? தூங்காத ஆளுக்குக் காயம் ஆறுமா? சளிய இளக்குற மருந்தும் இருமல அடக்குற மருந்தும் சேந்தே வருதே, அதக் குடுத்தா ரெண்டு வேலையும் ஆகும்ல?

ஃபிசியோ_செல்வி:
அந்த ஜோடிதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது அண்ணே. ஒருபக்கம் சளிய இளக்கி வெளிய போன்னு சொல்றது, இன்னொரு பக்கம் கதவ சாத்துறது. 2023 ஜூன்ல மத்திய அரசு தடை பண்ண 14 கூட்டு மருந்துல சளிய இளக்குற ப்ரோம்ஹெக்சினும் இருமல அடக்குற டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் சேந்த ஒண்ணு இருந்துச்சு, உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். கோடீன்ல இன்னும் ரெண்டு தொல்லை. ஏற்கனவே ட்ராமடால் மாதிரி வலி மருந்து போயிட்டிருந்தா ரெண்டும் சேந்து மூச்சையே மந்தமாக்கும். அதோட மலச்சிக்கல் வரும், கக்கூஸ்ல முக்குனா அதே தையல்தான் இழுபடும்.

வார்டு_மேரி:
செல்வி மேடம், நான் ஒண்ணு சொல்றேன். குழாய் விட்ட கரகரப்புல சிலருக்கு வறட்டு இருமல் மட்டும் வரும், ஸ்டெத் வச்சுக் கேட்டா நெஞ்சு சுத்தமா இருக்கும், எங்க சர்ஜனே ராத்திரிக்கு மட்டும் கொஞ்சமா எழுதித் தருவார். பாலு சொல்றத அப்படியே தள்ள முடியாது.

ஃபிசியோ_செல்வி:
டாக்டர் நெஞ்சுல ஸ்டெத் வச்சுப் பாத்துட்டுக் குடுத்தா சரி, நான் சண்டைக்கு வரல. கடைல கேட்டு வாங்குறதத்தான் வேணாங்குறேன்.

கடை_பாலு:
சீட்டு இல்லாம கோடீன் நான் குடுக்குறதே இல்லம்மா. ஆனா எல்லாத்துக்கும் டாக்டர் நைட்டு பன்னெண்டு மணிக்கு கெடைப்பாரா என்ன, நடைமுறைனு ஒண்ணு இருக்குல்ல.

திருச்சி_ரவி:
தலகாணி வச்சு பண்ணிப் பாத்தோம், பழுப்பா கொஞ்சம் சளி வந்துச்சு. எப்ப பயப்படணும்?

ஃபிசியோ_செல்வி:
காய்ச்சல் ஏறுனா, மூச்சு வேகமானா, ரத்தத்துல ஆக்சிஜன் அளவு, அதான் SpO2, 94க்குக் கீழ போனா, சளில ரத்தம் வந்தா உடனே காட்டுங்க. கட்டு திடீர்னு ரோஸ் கலர் தண்ணியா நனைஞ்சாலோ, "ஏதோ விட்ட மாதிரி இருக்கு"ன்னு அவர் சொன்னாலோ அது தையல் சமாச்சாரம், இரும வைக்காம படுக்க வச்சு சர்ஜனக் கூப்பிடுங்க. சுகர் இருக்குன்னு சொன்னீங்க, அதனால காயம் ஆறுறதுல கூடுதல் கவனம் வேணும். பாலு அண்ணே பயப்படுறது இந்த மாதிரி ஆளுங்க விஷயத்துல கொஞ்சம் நியாயம்தான். பழுப்புச் சளிய நாளைக்கு ரவுண்ட்ஸ்ல காட்டுங்க.