‘ஸ்டோரேஜ் சார்ஜ்’ தமிழில் எப்படி?

செல்வி: வணக்கம். ட்ரோன் சார்ஜர் ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ‘ஸ்டோரேஜ்’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் லித்தியம் பேட்டரியை முழுதாக ஏற்றாமல் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்திவிடுகிறது. கூடுதலாக இருந்தால் அதுவே இறக்கியும் விடுகிறது. ‘சேமிப்பு மின்னேற்றம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

மாணிக்கம்: ‘சேமிப்பு மின்னேற்றம்’ என்றால் என்னம்மா? எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை ஊருக்குப் போகும்முன் முழுதாக ஏற்றித்தான் வைப்பேன். காலியாகக் கிடந்தால்தான் பேட்டரி சாகும்.

ரபீக்: ஐயா சொல்வது ஈய-அமில பேட்டரிக்குச் சரி. இறங்கிக் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், பிறகு ஏறாது. லித்தியம் அப்படியில்லை. 4.2 வோல்ட்டில் மாதக்கணக்கில் வைத்தால் உள்ளே எலக்ட்ரோலைட் மெல்லச் சிதையும். சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. போன கோடையில் ஒருவர் மூன்று செல் ட்ரோன் பேட்டரி கொண்டுவந்தார். முழுதாக ஏற்றி, மொட்டைமாடி அறை அலமாரியில் இரண்டு மாதம் வைத்திருக்கிறார். தலையணை மாதிரி உப்பியிருந்தது. உப்பியதை ஏற்றவும் கூடாது, குத்தவும் கூடாது. மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்தனுப்பினேன்.

காலியாக வைப்பதும் தப்பு. தானே வடிந்து 2.5 வோல்ட்டுக்கு வெகு கீழே போய்க் கிடந்தால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையும். அதை மறுபடி ஏற்றினால் கரைந்த செம்பு படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம். அதனால்தான் பாதியில் நிறுத்துகிறார்கள். ‘சேமிப்பு’ என்றால் மின்சாரத்தைச் சேமிப்பதாகப் படுகிறது. ‘கிடப்பேற்றம்’ எப்படி?

பவானி: என் மகன் பொம்மைக் காருக்கு வாங்கிய ஏஏ ரீசார்ஜபிள் செல்கள் இரண்டு மாதத்தில் தானே காலியாகின்றன. அவற்றையும் பாதியில் வைக்க வேண்டுமா? ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

ரபீக்: செல்லின் மேல் 1.2 வோல்ட் என்று போட்டிருந்தால் அது நிக்கல் செல், அக்கா. பழைய ரகம் அப்படித்தான் வடியும். பயன்படுத்தும்முன் ஏற்றிக்கொண்டால் போதும். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்க்கும். லித்தியம் தனிச் செல் இருந்தால் இரு முனையிலும் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். சாவிக்கொத்து கிடக்கும் டிராயர் மட்டும் ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வோல்ட் பாருங்கள்.

செல்வி: ‘கிடப்பேற்றம்’ பிடித்திருக்கிறது. ஆனால் கிடப்பில் போட்ட கோப்பு மாதிரி ஒலிக்கிறதே!

மாணிக்கம்: அப்படியானால் ‘அரையேற்றம்’. பார்த்ததும் புரியும்.

ரபீக்: பாதி என்பது மாறலாம் ஐயா. விமானச் சரக்கில் தனியாக அனுப்பும் லித்தியம்-அயன் பேட்டரிக்கு 2016 முதல் 30 விழுக்காடுதான் உச்சவரம்பு. அதை அரை என்பீர்களா?

மாணிக்கம்: வீட்டில் விமானம் ஏது தம்பி?

செல்வி: பொத்தானில் எட்டு எழுத்துக்குத்தான் இடம். இப்போதைக்கு ‘இருப்பேற்றம்’ என்று போட்டு அனுப்புகிறேன். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.

பவானி: இருப்பு என்றால் ஸ்டாக் இல்லையா?